1942-ஐ எங்கே வைப்பது? மொழிபெயர்ப்பு நாவலுக்கு அடிக்குறிப்பு எழுதும்போது வரும் கோளாறுகள்

ஆய்வேட்டின் அடிக்குறிப்பில் மொழிபெயர்ப்பு நாவல் ஒன்று வந்தாலே வழிகாட்டியின் சிவப்பு மை அங்கேதான் அதிகம் விழும். காரணம் எளிது. சாதாரண நாவலுக்கு ஓர் ஆசிரியர், ஓர் ஆண்டு, ஒரு பதிப்பகம். மொழிபெயர்ப்பு நாவலுக்கு இரண்டு ஆசிரியர்கள் போலத் தெரியும், ஆண்டு குறைந்தது மூன்று இருக்கும், பதிப்பகமும் இரண்டு மூன்று. எதை எங்கே வைப்பது என்பதில்தான் எல்லாத் தடுமாற்றமும்.

இங்கே ஒரே நாவலை எடுத்துக்கொண்டு, என்ன கோளாறு தெரிகிறதோ அதன் வழியாகவே போகலாம். நாவல், ஆல்பெர் காம்யுவின் ‘அந்நியன்’. பிரெஞ்சு மூலம் பாரிஸில் கலிமார் பதிப்பகத்தில் 1942-இல் வந்தது. ஆங்கிலத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட மொழிபெயர்ப்புகள், இரண்டு வெவ்வேறு தலைப்புகள். தமிழில் வெ. ஸ்ரீராம் பிரெஞ்சிலிருந்து நேரடியாகச் செய்த மொழிபெயர்ப்பை க்ரியா 1980-இல் வெளியிட்டது. வரக்கூடிய சிக்கல் பெரும்பாலும் இந்த ஒரு நாவலுக்குள்ளேயே வந்துவிடும்.

பின்பற்றுவது சிகாகோ முறையின் அடிக்குறிப்பு வடிவம். மாத்யூ வார்ட் மொழிபெயர்ப்பில், கடற்கரையில் துப்பாக்கி வெடிக்கும் இடத்தை மேற்கோள் காட்டுகிறீர்கள் என்றால், முதல் முறை வரும் அடிக்குறிப்பு இப்படி இருக்க வேண்டும்:

```
1. Albert Camus, The Stranger, trans. Matthew Ward
   (New York: Vintage International, 1989), 59.
```

தமிழ்ப் புத்தகத்துக்கு அதே வரிசை. (தமிழ் உதாரணங்களில் வரும் பக்க எண்கள் வடிவத்தைக் காட்டுவதற்கு மட்டும்.)

```
1. ஆல்பெர் காம்யு, அந்நியன், தமிழில் வெ. ஸ்ரீராம்
   (சென்னை: க்ரியா, 1980), 45.
```

ஆசிரியர், தலைப்பு, மொழிபெயர்ப்பாளர், அடைப்புக்குறிக்குள் ஊர், பதிப்பகம், ஆண்டு, கடைசியில் பக்கம். 2024-இல் வந்த சிகாகோ 18-ஆம் பதிப்பு, 1900-க்குப் பிந்தைய நூல்களுக்கு ஊர்ப் பெயர் தேவையில்லை என்று சொல்லிவிட்டது. உங்கள் துறையின் நெறிமுறை பழைய பதிப்பை ஒட்டியிருந்தால் ஊரை விட வேண்டாம். இரண்டில் ஒன்றை எடுத்துக்கொண்டு ஏடு முழுக்க அதையே வைத்திருங்கள்.

சரி, இனி கோளாறுகள்.

கோளாறு: விண்டேஜ் பதிப்புக்குப் பக்கத்தில் 1942 என்று நிற்கிறது

அதிகம் கண்ணில் படுவது இதுதான், சரிசெய்யக் கொஞ்சம் யோசிக்க வேண்டியதும் இதுதான். அடிக்குறிப்பில் ‘நியூயார்க்: விண்டேஜ் இன்டர்நேஷனல், 1942’ என்று இருக்கும். 1942-இல் இந்த நாவல் ஆங்கிலத்திலேயே இல்லை. முதல் ஆங்கில மொழிபெயர்ப்பு, ஸ்டூவர்ட் கில்பர்ட் செய்தது, 1946-இல்தான் வந்தது. அதாவது இல்லாத ஒரு புத்தகத்தை அடிக்குறிப்பு சுட்டுகிறது.

இது நடப்பது இப்படித்தான். புத்தகத்தின் உரிமைப் பக்கத்தில், அதாவது தலைப்புப் பக்கத்தைத் திருப்பினால் பின்புறம் வரும் பக்கத்தில், பல ஆண்டுகள் அச்சாகியிருக்கும். கண்ணில் முதலில் படுவதையோ, ‘மூலம்’ என்று சொல்வதையோ எடுத்து அடைப்புக்குறிக்குள் போட்டுவிடுகிறோம். அந்தப் பக்கத்தைத் திறந்துவைத்துக்கொண்டு மூன்று ஆண்டுகளைத் தனித்தனியாக எழுதிக்கொள்ளுங்கள்.

முதலாவது, மூல நூல் வெளிவந்த ஆண்டு: 1942. இரண்டாவது, இந்த மொழிபெயர்ப்பு முதன்முதலில் வந்த ஆண்டு: வார்ட் செய்ததை நாப்ஃப் பதிப்பகம் 1988-இல் வெளியிட்டது. மூன்றாவது, உங்கள் கையில் இருக்கும் பதிப்பின் ஆண்டு: விண்டேஜ், 1989.

அடைப்புக்குறிக்குள் கட்டாயம் போக வேண்டியது மூன்றாவது மட்டும்தான். பக்க எண் 59 அந்தப் பதிப்புக்குச் சொந்தமானது. பதிப்பகமும் ஆண்டும் பக்க எண்ணும் ஒரே புத்தகத்தைச் சுட்ட வேண்டும் என்பதுதான் இங்கே விதி. இதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தானாகத் தீர்ந்துவிடும்.

இரண்டாவது ஆண்டையும் காட்ட வேண்டும் என்று தோன்றினால், மறுபதிப்புக்கு உரிய வடிவம் இருக்கிறது:

```
1. Albert Camus, The Stranger, trans. Matthew Ward
   (1988; repr., New York: Vintage International, 1989), 59.
```

இங்கேதான் அடுத்த பொறி. சிலர் முதல் தவறைத் திருத்துகிறேன் என்று ‘1942; repr.’ என்று போடுவார்கள். பார்ப்பதற்கு ஒழுங்காக இருக்கும், ஆனால் பொருள் தவறு. மறுபதிப்பு என்றால் அதே பிரதி மீண்டும் அச்சாவது. 1989 புத்தகம் 1988 புத்தகத்தின் மறுபதிப்பு, 1942 புத்தகத்தின் மறுபதிப்பு இல்லை. மொழி மாறிய பிறகு அது வேறு பிரதி. ஆகவே அரைப்புள்ளிக்கு முன்னால் வரும் ஆண்டு, மொழிபெயர்ப்பு முதலில் வந்த ஆண்டாக மட்டுமே இருக்கலாம்.

அப்போது 1942 எங்கே போகும்? அதற்கு இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று, உங்கள் உரையிலேயே. ‘காம்யு தம் அந்நியன் (1942) நாவலில்’ என்று முதல் முறை சொல்லும் இடத்தில் போட்டுவிட்டால் வேலை முடிந்தது. காலவரிசை உங்கள் வாதத்துக்கு முக்கியம் என்றால் அது வாசகர் கண்ணில் படும் இடமும் அதுதான். அடிக்குறிப்பைச் சுத்தமாக விட்டுவிடலாம். இன்னொரு இடம், நூற்பட்டியலில் அந்த நூலுக்கான பதிவின் வால்:

```
Camus, Albert. The Stranger. Translated by Matthew Ward.
   New York: Vintage International, 1989.
   Originally published as L'Étranger (Paris: Gallimard, 1942).
```

தமிழ்ப் பதிவிலும் இதே வால் ஒட்டும்:

```
காம்யு, ஆல்பெர். அந்நியன். தமிழில் வெ. ஸ்ரீராம்.
   சென்னை: க்ரியா, 1980.
   பிரெஞ்சு மூலம்: L'Étranger (Paris: Gallimard, 1942).
```

மூல ஆண்டு என்பது வெளிவந்த ஆண்டு, எழுதிய ஆண்டு இல்லை. காம்யு இந்த நாவலை 1940-இலேயே எழுதி முடித்துவிட்டார். அதைச் சொல்ல வேண்டியிருந்தால் உரையில் ஒரு வாக்கியமாகச் சொல்லுங்கள், அடிக்குறிப்பு ஆண்டாக ஆக்க வேண்டாம். ‘போர் தொடங்கிய காலத்தில் எழுதப்பட்டு, ஜெர்மானியர் கையில் இருந்த பாரிஸில் வெளிவந்தது’ என்ற தகவலுக்கு அடைப்புக்குறியில் இடம் போதாது.

ஒவ்வொரு அடிக்குறிப்பிலும் மூல ஆண்டைத் தூக்கிச் சுமக்கும் பழக்கமும் சிலருக்கு உண்டு. தேவையே இல்லை. உரையில் ஒரு முறை, பட்டியலில் ஒரு முறை, அவ்வளவுதான்.

கோளாறு: மொழிபெயர்ப்பாளரைக் காணோம், அல்லது அவர் இணை ஆசிரியராக மாறியிருக்கிறார்

காணாமல் போவது பெரும்பாலும் அட்டையைப் பார்த்து அடிக்குறிப்பு எழுதுவதால். பல ஆங்கில நாவல்களின் முன் அட்டையில் மொழிபெயர்ப்பாளர் பெயர் இருப்பதில்லை. தலைப்புப் பக்கத்தில் தேடுங்கள், அங்கே இல்லையென்றால் உரிமைப் பக்கத்தில். இணையக் கடைப் பட்டியல்களை நம்பாதீர்கள். ஒரே நாவலுக்குப் பல மொழிபெயர்ப்புகள் இருந்தால் அங்கே ஒன்றின் அட்டைக்கு இன்னொன்றின் விவரம் ஒட்டிக்கொள்வது சகஜம்.

இணை ஆசிரியராக மாறுவது மென்பொருளின் கைவேலை. ஸோட்டெரோவில் ஐஎஸ்பிஎன் எண்ணைக் கொடுத்து விவரத்தை இழுக்கும்போது, நூலக அட்டவணையிலிருந்து வரும் பெயர்கள் சில சமயம் வகை பிரியாமல் வந்து விழும். அப்போது அடிக்குறிப்பு ‘ஆல்பெர் காம்யுவும் மாத்யூ வார்டும்’ சேர்ந்து எழுதிய நாவல் என்று சொல்லும். சரிசெய்வது சுலபம். அந்தப் பதிவைத் திறந்து, இரண்டாவது பெயருக்கு இடப்பக்கம் இருக்கும் `Author` என்ற சொல்லை அழுத்தினால் பட்டியல் விரியும், அதில் `Translator` என்பதைத் தேர்ந்தெடுங்கள். மூல ஆண்டைப் பதிவிலேயே வைத்துக்கொள்ள விரும்பினால் `Extra` கட்டத்தில் இந்த ஒரு வரி போதும்:

```
Original Date: 1942
```

`Date` கட்டத்தில் 1989 தான் இருக்க வேண்டும். மூல ஆண்டை அங்கே போட்டால் மேலே சொன்ன முதல் கோளாறை நீங்களே கணினிக்குக் கற்றுக்கொடுத்த கதையாகிவிடும். `Extra` வரியைச் சேர்த்த பிறகு, வெளியே வரும் அடிக்குறிப்பைக் கண்ணால் ஒரு முறை பாருங்கள். 1942-உம் 1989-உம் மறுபதிப்பு வடிவத்தில் ஒட்டிக்கொண்டு வந்தால் அந்த வரியை நீக்கிவிட்டு, நூற்பட்டியலின் வாலை இறுதிப் படியில் கையால் சேர்ப்பதே நல்லது.

வடிவத்தில் இன்னொரு சின்ன விஷயம். ஆங்கில அடிக்குறிப்பில் ‘trans.’ என்று சுருக்கமாக வரும். நூற்பட்டியலில் ‘Translated by’ என்று முழுதாக, புது வாக்கியமாக வரும். அடிக்குறிப்பில் எழுதியதை அப்படியே வெட்டிப் பட்டியலில் ஒட்டுபவர்களிடம் இது தவறிவிடும். தமிழில் இந்த வேறுபாடு தேவையில்லை, இரண்டு இடத்திலும் ‘தமிழில்’ என்றே போடலாம். ‘மொ.பெ.’ என்ற சுருக்கமும் வழக்கில் உண்டு. ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். நான் ‘தமிழில்’ என்பதையே விரும்புவேன், எந்த மொழிக்கு வந்தது என்பதையும் அதுவே சொல்லிவிடுகிறது.

பட்டியலில் காம்யு ‘காம்யு, ஆல்பெர்’ என்று திரும்புவார், அகரவரிசை அவரை வைத்துத்தான். மொழிபெயர்ப்பாளர் திரும்ப மாட்டார். ‘ஸ்ரீராம், வெ.’ என்று போடவே கூடாது. ஆசிரியர் பெயரின் எழுத்துக்கூட்டலுக்கும் தலைப்புப் பக்கமே நீதிபதி. காம்யு, காம்யூ, காமு என்று வெவ்வேறு கட்டுரைகளில் வெவ்வேறாக இருக்கும். உங்கள் உரையில் வேறு எழுத்துக்கூட்டலைப் பயன்படுத்தினாலும், நூற்பட்டியலில் புத்தகத்தில் இருப்பதுபோல் போடுங்கள். இல்லையென்றால் அட்டவணையில் தேடுகிறவருக்குக் கிடைக்காது.

கோளாறு: வழிகாட்டி அந்தப் பக்கத்தைத் திறந்தால் அந்த வரி அங்கே இல்லை

இது வந்தால் முதல் சந்தேகம், நீங்கள் படித்த மொழிபெயர்ப்பும் அடிக்குறிப்பில் எழுதிய மொழிபெயர்ப்பும் ஒன்றுதானா என்பது. நூலகத்தில் ஒன்றைப் படித்து, வீட்டில் வேறொன்றின் விவரத்தை எழுதுவது நடக்கிற காரியம். இந்த நாவலில் அது இன்னும் சுலபம். கில்பர்ட்டின் ஒரே மொழிபெயர்ப்பு 1946-இல் லண்டனில் ஹேமிஷ் ஹாமில்டன் வழியாக ‘தி அவுட்சைடர்’ என்றும், நியூயார்க்கில் நாப்ஃப் வழியாக ‘தி ஸ்ட்ரேஞ்சர்’ என்றும் வந்தது. அதே நாப்ஃப் பிறகு வார்டின் மொழிபெயர்ப்பையும் ‘தி ஸ்ட்ரேஞ்சர்’ என்றே வெளியிட்டது. ஜோசஃப் லாரெடோ 1982-இல் செய்ததும், சாண்ட்ரா ஸ்மித் 2012-இல் செய்ததும் ‘தி அவுட்சைடர்’. ஆகத் தலைப்பை வைத்து மொழிபெயர்ப்பாளரைச் சொல்ல முடியாது, பதிப்பகத்தை வைத்தும் முடியாது.

நகலெடுத்த பக்கங்கள் மட்டும் கையில் இருந்து, யாருடையது என்று தெரியாவிட்டால் முதல் வாக்கியத்தைப் பாருங்கள். ‘மமான்’ என்ற பிரெஞ்சுச் சொல்லையே வைத்திருந்தால் வார்ட். ‘மை மதர்’ என்று தொடங்கினால் ஸ்மித். வெறும் ‘மதர்’ என்றால் கில்பர்ட்டாகவும் இருக்கலாம், லாரெடோவாகவும் இருக்கலாம். அந்த இருவரையும் பிரிக்க முதல் வரி உதவாது, புத்தகத்தைத் தேடிப்பிடித்து இன்னொரு பத்தியை ஒப்பிட்டுத்தான் ஆக வேண்டும். இந்தச் சோதனை தொலைந்த விவரத்தைக் கண்டுபிடிக்கத்தான். அடிக்குறிப்பு எழுதப் புத்தகத்தின் தலைப்புப் பக்கத்தைப் பார்த்தே தீர வேண்டும்.

மொழிபெயர்ப்பாளர் சரியாகவே இருந்தும் பக்கம் பொருந்தவில்லையா? அப்போது பதிப்பு வேறு. தமிழ்ப் புத்தகங்களில் இந்தச் சிக்கல் கொஞ்சம் தனி ரகம். நம் ஊர் உரிமைப் பக்கங்களில் ‘முதல் பதிப்பு’, ‘இரண்டாம் பதிப்பு’, ‘ஐந்தாம் பதிப்பு’ என்று வரிசையாக இருக்கும். ஆனால் அவற்றில் பல, உள்ளே ஓர் எழுத்தும் மாறாமல் மீண்டும் அச்சடித்தவை. சிகாகோ முறையில் பதிப்பு என்றால் உள்ளடக்கம் திருத்தப்பட்டிருக்க வேண்டும். வெறுமனே மீண்டும் அச்சடித்தால் அது அச்சு, அதற்கு எண் போட வேண்டியதில்லை.

எது எது என்று கண்டுபிடிக்க ஒரு நடைமுறை வழி உண்டு. ‘திருத்திய பதிப்பு’, ‘திருத்தப்பட்ட மொழிபெயர்ப்பு’ என்று எங்காவது அச்சாகியிருக்கிறதா, மொழிபெயர்ப்பாளர் புதிய முன்னுரையில் மாற்றங்களைப் பற்றிப் பேசுகிறாரா என்று பாருங்கள். இருந்தால் அது உண்மையான பதிப்பு, தலைப்புக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் அடுத்து அதைக் குறிப்பிட வேண்டும். இல்லையென்றால் பழைய படி ஒன்றை வாங்கி, நடுவில் இரண்டு பக்கங்களையும் கடைசிப் பக்கத்தையும் ஒப்பிடுங்கள். வரிகள் அதே இடத்தில் முறிந்தால் வெறும் மறு அச்சு. வரிகள் மாறி, வாசகம் மாறாமல் இருந்தால் எழுத்துக் கோத்ததுதான் புதிது. அப்போதும் ‘பதிப்பு’ என்று எண் போட வேண்டாம், ஆனால் பக்க எண்கள் மாறியிருக்கும் என்பதால் உங்கள் படியின் ஆண்டு கட்டாயம் வேண்டும்.

‘அந்நியன்’ நாவலின் 2010-இல் அச்சான படி ஒன்று உங்கள் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வாசகம் 1980-இல் வந்ததுதான், திருத்தம் எதுவும் அறிவிக்கப்படவில்லை. அப்போது இப்படி எழுதலாம்:

```
1. ஆல்பெர் காம்யு, அந்நியன், தமிழில் வெ. ஸ்ரீராம்
   (1980; மறுபதிப்பு, சென்னை: க்ரியா, 2010), 45.
```

திருத்திய பதிப்பாக இருந்தால்:

```
1. ஆல்பெர் காம்யு, அந்நியன், தமிழில் வெ. ஸ்ரீராம்,
   திருத்திய பதிப்பு (சென்னை: க்ரியா, 2010), 45.
```

உங்கள் பல்கலைக்கழகம் ‘உரிமைப் பக்கத்தில் இருக்கும் பதிப்பு எண்ணை அப்படியே போடு’ என்று கேட்டால் சண்டை போட வேண்டாம், போட்டுவிடுங்கள். எண் கூடுதலாக இருப்பதால் யாரும் வழி தவறப்போவதில்லை. ஆண்டு விடுபட்டால்தான் தவறுவார்கள்.

மின்னூலில் படித்தவர்களுக்கு வேறு பிரச்சினை. எழுத்தின் அளவை மாற்றினால் பக்கம் மாறும், ஆகவே திரையில் தெரியும் எண்ணை நம்பிப் பக்கம் போட முடியாது. அதற்கு இந்த நாவலிலேயே நல்ல வசதி இருக்கிறது. நாவல் இரண்டு பகுதிகள். முதல் பகுதியில் ஆறு அத்தியாயங்கள், இரண்டாவதில் ஐந்து. கடற்கரைக் காட்சி முதல் பகுதியின் ஆறாம் அத்தியாயத்தின் முடிவில் வருகிறது. பக்க எண்ணுக்குப் பதிலாக அதைப் போடலாம்:

```
2. Albert Camus, The Stranger, trans. Matthew Ward
   (New York: Vintage International, 1989), pt. 1, chap. 6, Kindle.
```

அச்சுப் புத்தகத்தைப் பயன்படுத்துபவர்களும் பக்க எண்ணோடு பகுதி, அத்தியாயத்தைச் சேர்த்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி. உங்கள் ஏட்டைப் படிப்பவர் கையில் இருப்பது பிரெஞ்சு மூலமோ தமிழ்ப் படியோ எதுவானாலும், ‘பகுதி 1, அத். 6’ என்றால் இடம் கிடைத்துவிடும். பல மொழிபெயர்ப்புகளை ஒப்பிடும் ஆய்வு என்றால் இதைச் செய்யாமல் இருப்பது வாசகரைச் சோதிப்பது.

கோளாறு: காம்யு சொன்னதாக எழுதியது காம்யு சொன்னதே இல்லை

நாவலின் முன்னால் இருக்கும் பக்கங்களிலிருந்து மேற்கோள் எடுக்கும்போது வரும் கோளாறு. விண்டேஜ் பதிப்பின் தொடக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் குறிப்பு ஒன்று இருக்கிறது, அது வார்ட் எழுதியது. 1946-இல் லண்டனில் வந்த ‘தி அவுட்சைடர்’ பதிப்பில் இருக்கும் அறிமுகம் சிரில் கானலி எழுதியது. இவற்றிலிருந்து ஒரு வரி எடுத்து, நாவலுக்குப் போடும் அதே அடிக்குறிப்பைப் போட்டால் அது காம்யுவின் வரியாகிவிடும். பக்க எண் ரோமானிய எண்ணாக இருந்தும் ஆசிரியர் இடத்தில் காம்யு நின்றால் அங்கே நிறுத்தி யோசியுங்கள்.

அடிக்குறிப்பின் தொடக்கத்தில் அந்தக் குறிப்பை எழுதியவர் வர வேண்டும்:

```
3. Matthew Ward, translator's note to The Stranger, by Albert Camus,
   trans. Matthew Ward (New York: Vintage International, 1989), vi.
```

நூற்பட்டியலில் இதற்குத் தனிப் பதிவு வேண்டுமா என்று கேட்டால், உங்கள் வாதம் அந்தக் குறிப்பின் மேல் நின்றால் வேண்டும். ஒரு வரி மட்டும் எடுத்திருந்தால் நாவலின் பதிவே போதும்.

கோளாறு: மேற்கோள் தமிழில், அடிக்குறிப்பு ஆங்கிலப் புத்தகத்துக்கு

தமிழில் எழுதும் ஆய்வாளர்களிடம் இது நிறைய. வார்டின் ஆங்கிலத்தைப் படித்து, தாமே தமிழாக்கி, மேற்கோள் குறிக்குள் போட்டு, கீழே வார்டின் 59-ஆம் பக்கத்தைச் சுட்டுவார்கள். வாசகர் அந்தப் பக்கத்தைத் திறந்தால் தமிழ் இருக்காது. யார் தமிழ் இது என்ற கேள்வி வரும். ஸ்ரீராமுடையது என்று நினைத்துக்கொள்ளவும் வாய்ப்பு உண்டு, அது இரண்டு பேருக்கும் அநியாயம்.

நல்ல தமிழ் மொழிபெயர்ப்பு ஏற்கெனவே இருக்கும்போது அதையே மேற்கோள் காட்டுவது முதல் வழி. மேற்கோளை ஓர் எழுத்தும் மாற்றாமல் எடுத்து, க்ரியா பதிப்பின் பக்கத்தைப் போடுங்கள். ஆங்கில மொழிபெயர்ப்பின் சொல்லாட்சியைப் பற்றியே பேசுகிறீர்கள், அதனால் உங்கள் தமிழாக்கம் தேவை என்றால், அடிக்குறிப்பின் கடைசியில் ஒரு வாக்கியம் சேர்த்தால் போதும்:

```
4. Albert Camus, The Stranger, trans. Matthew Ward
   (New York: Vintage International, 1989), 59. தமிழாக்கம் என்னுடையது.
```

ஏடு முழுக்க இப்படியே வருகிறது என்றால் முதல் இடத்தில் ‘வேறு குறிப்பு இல்லாத இடங்களில் தமிழாக்கம் என்னுடையது’ என்று எழுதிவிட்டு மற்ற இடங்களில் விட்டுவிடலாம்.

இதன் உடன்பிறப்பு ஒன்று, ஆங்கிலம் வழியாகத் தமிழுக்கு வந்த நாவல்கள். உங்கள் நாவல் அப்படி வந்திருந்து, புத்தகத்திலேயே அது சொல்லப்பட்டிருந்தால், நூற்பட்டியலின் வாலில் ‘ஆங்கிலம் வழி’ என்று சேர்த்து, எந்த ஆங்கில மொழிபெயர்ப்பு என்பது அச்சாகியிருந்தால் அந்த மொழிபெயர்ப்பாளர் பெயரையும் தரலாம். அடிக்குறிப்பில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் மட்டும் போதும். மூல ஆண்டாக ஆங்கிலப் புத்தகத்தின் ஆண்டைப் போடுவதுதான் இங்கே வழக்கமாக நடக்கும் பிசகு. ஆங்கிலம் வழியாக வந்தாலும் மூல மொழியில் நூல் வெளிவந்த ஆண்டுதான் மூல ஆண்டு.

கோளாறு: ‘மேலது’ வேறு புத்தகத்தைச் சுட்டுகிறது

முதல் அடிக்குறிப்பு முழுதாக வந்த பிறகு அடுத்தடுத்தவை சுருங்க வேண்டும். தமிழ் ஆய்வேடுகளில் ‘மேலது, ப. 47’ என்று போடும் வழக்கம் நன்றாக ஊறிப்போயிருக்கிறது. எழுதி முடித்த பிறகு நடுவில் ஒரு பத்தியைச் சேர்த்தால், அதோடு ஒரு புதிய அடிக்குறிப்பும் நுழைந்தால், ‘மேலது’ அந்தப் புதியவரைச் சுட்டத் தொடங்கிவிடும். யாரும் கவனிக்க மாட்டார்கள், வாய்மொழித் தேர்வு வரைக்கும். சிகாகோவும் 17-ஆம் பதிப்பிலிருந்தே, ‘மேலது’ என்பதற்கு இணையான லத்தீன் சுருக்கத்தைத் தவிர்த்து, குறுகிய வடிவத்தைப் போடச் சொல்கிறது. ஆசிரியரின் கடைசிப் பெயர், தலைப்பின் முக்கியச் சொல், பக்கம்:

```
5. Camus, Stranger, 61.
6. காம்யு, அந்நியன், 47.
```

குறுகிய வடிவத்தில் மொழிபெயர்ப்பாளர் வர மாட்டார். பெரும்பாலான ஏடுகளுக்கு அதுவே சரி. ஆனால் கில்பர்ட்டையும் வார்டையும் ஒப்பிட்டு எழுதுகிறீர்கள், இருவரின் நாப்ஃப் வழிப் பதிப்புகளையும் பயன்படுத்துகிறீர்கள் என்றால் இரண்டும் ‘காம்யு, ஸ்ட்ரேஞ்சர்’ என்றே சுருங்கும், எது எது என்று தெரியாது. அப்போது விதியைக் கொஞ்சம் நீட்டி மொழிபெயர்ப்பாளர் பெயரை உள்ளே கொண்டுவாருங்கள்:

```
7. Camus, Stranger, trans. Ward, 59.
8. Camus, Stranger, trans. Gilbert, 76.
```

எட்டாவதில் உள்ள பக்க எண்ணும் உதாரணத்துக்குத்தான். இப்படி நீட்டப்போவதாக அந்தந்த நூலின் முதல் அடிக்குறிப்பில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் நல்லது. நூற்பட்டியலில் இரண்டுக்கும் தனித்தனிப் பதிவு வேண்டும். ஒரே ஆசிரியர், ஒரே தலைப்பு என்பதால் மென்பொருள் இரண்டையும் இரட்டைப் பதிவு என்று நினைத்து ஒன்றாக்கச் சொல்லும். அதற்குத் தலையாட்டிவிடாதீர்கள்.